கேள்வியே இல்லாத நீண்ட செய்திக்கு என்ன பதில் எழுதுவது?

"என் நெருங்கிய தோழி நள்ளிரவில் இரண்டு பக்க அளவுக்குச் செய்தி அனுப்புகிறாள். வீடு, வேலை, கணவர் என்று எல்லாமே அதில் இருக்கும். கேள்வி மட்டும் இருக்காது. போன வாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்லி எழுதினேன். 'உனக்குப் புரியாது, விடு' என்றாள். இந்த வாரம் 'ஐயோ, பாவம் நீ' என்று மட்டும் எழுதினேன். 'அவ்வளவுதானா?' என்கிறாள். நான் கேட்டுக்கொள்ள வேண்டுமா, வழி சொல்ல வேண்டுமா?"

உங்கள் இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே இடத்தில்தான் தவறின. தான் எழுதியதை நீங்கள் வரி வரியாகப் படித்தீர்கள் என்பதற்கான தடயம் இரண்டிலுமே அவருக்குக் கிடைக்கவில்லை. கேட்பதா, வழி சொல்வதா என்பதை முதல் பதிலிலேயே முடிவு செய்தாக வேண்டும் என்று நீங்கள் நினைப்பதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. அந்த முடிவை எடுப்பதற்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் அவருடைய இரண்டாவது மடலில்தான் இருக்கும். அந்த இரண்டாவது மடலை வரவழைப்பதுதான் முதல் பதிலின் வேலை.

மனம் நொந்தவர்களின் கடிதங்களுக்கும் மின்மடல்களுக்கும் பதில் எழுதும் தன்னார்வலர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். நேரில் அருமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள்கூட எழுத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நேரில் ஒருவர் பேசும்போது நாம் 'உம்' கொட்டுகிறோம், தலையை ஆட்டுகிறோம், அவர் தொண்டை அடைத்து நிற்கும் இடத்தில் நாமும் பேசாமல் இருக்கிறோம். இவை எதுவுமே எழுத்தில் போய்ச் சேராது. எழுத்தில் நாம் பேசாமல் இருந்தால், அது பரிவா, தூக்கமா, சலிப்பா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே, எழுத்தில் கேட்பது என்பது கேட்டதைக் காட்டுவது. 'ஐயோ, பாவம் நீ' என்பதை அவருடைய செய்தியைத் திறக்காமலே எழுதிவிட முடியும் என்பதால்தான் அது அவருக்குப் போதவில்லை.

பயிற்சி வகுப்பில் நான் கொடுக்கும் மாதிரிச் செய்தி ஒன்று இருக்கிறது. இது உண்மையான ஒருவருடைய மடலன்று. ஆனால், இத்தகைய மடல்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பை வைத்து நானே எழுதியது. அலுவலகத்தில் முன்பு தன்னுடன் வேலை பார்த்த மூத்த பெண்ணுக்கு ஓர் இளம்பெண் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, தூங்கியிருப்பீர்கள், காலையில் பார்த்தால் போதும். இன்றைக்கும் அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, அலுவலகம் போய்ச் சேரப் பத்தே முக்கால் ஆகிவிட்டது. மேலாளர் எல்லார் முன்னாலும் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பகலுக்கு ஆள் போடலாம் என்று இரண்டு பேரை வைத்துப் பார்த்தாயிற்று; அம்மா யாரையும் தொட விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் கூப்பிடுகிறான். 'அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்' என்கிறான். பார்த்துக்கொள் என்கிறான் அக்கா. நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேனாம்? வெள்ளிக்கிழமைக்குள் அந்த நீண்ட விடுப்பு விண்ணப்பத்தை வேறு கொடுக்க வேண்டும். கொடுத்து என்ன ஆகப்போகிறது. சரி, விடுங்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது."

இதைக் கையில் கொடுத்தவுடன், புதிதாக வந்தவர்கள் பேனாவை எடுத்துச் சிக்கல்களைப் பட்டியலிடத் தொடங்குவார்கள்: தாமதம், மேலாளர், ஆள் கிடைக்காதது, அண்ணன், விடுப்பு. ஐந்து சிக்கல் கிடைத்துவிட்டால் ஐந்து தீர்வு எழுதாமல் கை நிற்காது. நான் அவர்களிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறு நான்கு இடங்களைத் தேடச் சொல்வேன்.

முதலில் தேட வேண்டியது வேலி. 'இரண்டு பேரை வைத்துப் பார்த்தாயிற்று' என்பது வெறும் தகவலாக வந்த வரியில்லை. 'ஆள் வைத்துக்கொள்ளேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்' என்பதைத்தான் அவர் அப்படி எழுதியிருக்கிறார். 'செய்தாயிற்று', 'சொல்லிப் பார்த்தேன்', 'அதுவும் நடக்காது' என்று ஒருவர் எழுதும் இடங்களிலெல்லாம், வரக்கூடிய அறிவுரையை முன்கூட்டியே தடுத்து வேலி போட்டிருக்கிறார் என்று கொள்ளலாம். ஒரு செய்தியில் இப்படிப்பட்ட வேலிகள் நிறைய இருந்தால், அறிவுரை கேட்டுக் கேட்டு அவர் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறார் என்று பொருள்.

அடுத்தது, இரண்டு முறை சொன்ன சொல். மேலாளர் 'பார்த்தார்' என்பது இரண்டு முறை வருகிறது. அண்ணனின் 'பார்த்துக்கொள்' உடனேயே மறுபடியும் வருகிறது, கூடவே 'அக்கா' என்ற விளியும் சேர்ந்துகொள்கிறது. வலிக்கும் இடத்தில்தான் எழுதுபவர் நம்மைப் பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிடுவார். விளி வரும் வாக்கியத்தை நான் எப்போதும் அடிக்கோடு இட்டுக்கொள்வேன். நாள் முழுக்க ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை ஒருவர் குறை காணப் பார்க்கிறார், இன்னொருவர் 'பார்த்துக்கொள்' என்கிறார். அவர் படும் பாட்டைப் பார்த்தவர் ஒருவருமில்லை. செய்தியின் மையம் இதுதான். ஐந்து சிக்கல்களின் பட்டியலில் இது இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, நாள் குறித்த வேலை ஏதாவது இருக்கிறதா என்பது. இங்கே வெள்ளிக்கிழமை இருக்கிறது. மற்ற எல்லாம் நடந்து முடிந்தவை அல்லது நாள்தோறும் நடப்பவை. இது ஒன்றுதான் தவறினால் திரும்பாதது. இதை மறக்காமல் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, முடிவு வரி. நீண்ட செய்தியை எதற்காக எழுதினோம் என்பதை எழுதியவரே முடிவில் சொல்லிவிடுவது மிகச் சாதாரணம். 'யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது' என்பதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இதே செய்தி 'என்ன செய்வதென்றே தெரியவில்லை அக்கா' என்று முடிந்திருந்தால் என் பதிலும் வேறாகத்தான் இருந்திருக்கும். அதே நேரத்தில், வினா வடிவில் இருப்பதெல்லாம் கேள்வி ஆகிவிடாது. 'என்ன ஆகப்போகிறது', 'நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேனாம்' ஆகியவற்றுக்குப் பதில் எழுதினால் அவர் எரிச்சலடைவதில் வியப்பில்லை.

இந்தச் செய்திக்கு, "அண்ணனிடம் வெளிப்படையாகப் பேசிவிடு. மேலாளரிடம் நிலைமையை முன்கூட்டியே சொல்லி வை. அம்மாவுக்குப் பழக்கமாகும்வரை ஆள் வரும்போது நீயும் கூட இரு" என்று எழுதினால் என்ன ஆகும்? மூன்றுமே தவறான யோசனைகள் இல்லை. ஆனாலும் "ம்ம், பார்க்கிறேன் அக்கா" என்று ஒரு வரி வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்த கெயில் ஜெஃபர்சனும் ஜான் லீயும் 1981இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த நிகழ்வைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தன் துன்பத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் இடையில் அறிவுரை வந்து விழுந்தால், நல்ல அறிவுரையாக இருந்தாலும் அது தள்ளப்படுகிறது. துன்பத்தைச் சொல்லும் பேச்சில் கவனம் சொல்பவர் மீது இருக்கிறது. சேவை கேட்டு வரும் பேச்சில் கவனம் சிக்கலின் மீது இருக்கிறது. அறிவுரை வந்த அந்தக் கணத்தில் முதல் வகைப் பேச்சு இரண்டாம் வகையாக மாறிவிடுகிறது. தோழியாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மனு கொடுக்க வந்தவராக ஆகிவிடுகிறார். உங்கள் தோழி 'உனக்குப் புரியாது' என்றபோது உங்கள் யோசனைகளைக் குறை கூறினார் என்று நான் நினைக்கவில்லை. அப்படி மாறிப்போனதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, நான் எழுதச் சொல்லும் பதில்:

"இப்போதுதான் படித்தேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் எல்லார் முன்னாலும் கடிகாரத்தைப் பார்த்தால் என்னதான் செய்வது. காலையில் குளிப்பாட்டி மருந்து கொடுத்துவிட்டு ஓடுகிறவளிடமே 'பார்த்துக்கொள்' என்று சொன்னால் எப்படி இருக்கும். அண்ணன் அப்படிச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்?"

இதில் ஐந்து வாக்கியங்கள்தான் இருக்கின்றன. ஐந்து சிக்கல்களில் இரண்டை மட்டுமே தொட்டிருக்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னால் அது கூட்டக் குறிப்பேடு போல ஆகிவிடும். அவருடைய சொற்களையே எடுத்திருக்கிறேன். 'உனக்கு மன அழுத்தம்', 'நீ சோர்ந்துவிட்டாய்' என்று அவர் சொல்லாத பெயரைச் சூட்டவில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' இல்லை. 'எனக்கும் என் அம்மா படுத்திருந்தபோது இப்படித்தான்' என்று என் கதையும் இல்லை. அது நெருக்கம் காட்டுவதாக நமக்குத் தோன்றும், ஆனால் அடுத்த வரியில் அவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை வந்துவிடும்.

முக்கியமானது கடைசி வரியில் உள்ள கேள்விதான். 'அண்ணனிடம் பேசினாயா?' என்று கேட்டால் அது கேள்வி வேடமிட்ட அறிவுரை. 'நீ என்ன சொன்னாய்?' என்பது நடந்ததை மேலும் சொல்லுமாறு கேட்கிறது, அவ்வளவுதான். அதற்கு வரும் பதில்தான் நீங்கள் கேட்ட தேர்வைச் செய்து தரும்.

பதில் இப்படி வரலாம்: "என்ன சொல்வது அக்கா, சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். சின்ன வயதிலிருந்தே அவன் இப்படித்தான்." கதை பின்னோக்கி விரிகிறது, புதிய காட்சி ஒன்று வருகிறது, இன்னும் கொட்ட வேண்டியிருக்கிறது. இன்றைக்கு உங்கள் வேலை கேட்பது மட்டுமே, இதே முறையில் இன்னும் ஒன்றிரண்டு மடல்கள்.

அல்லது இப்படி வரலாம்: "ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்றே தெரியவில்லை." இங்கே 'எப்படி' வந்துவிட்டது, வாக்கியம் முன்னோக்கித் திரும்பிவிட்டது. கதவு திறந்திருக்கிறது என்றாலும் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும்: "எனக்கு ஒன்று தோன்றுகிறது. சொல்லட்டுமா, இன்றைக்கு வேண்டாமா?" சொல் என்றால், சொல்ல வேண்டியது ஒரே ஒரு யோசனை, அதுவும் அவர் தொட்ட இடத்தில்: "'உதவி செய்' என்று சொன்னால் அவன் 'சரி' என்றுதான் சொல்வான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வந்து அம்மாவோடு இரு என்றோ, மருத்துவரிடம் நேரம் வாங்குவதும் மருந்து வாங்கி அனுப்புவதும் இனி உன் பொறுப்பு என்றோ ஒன்றை மட்டும் கேட்டுப் பார்." இதுவும் அறிவுரைதான். போன வாரம் நீங்கள் எழுதியதும் இதே அளவுக்கு நல்ல யோசனையாக இருந்திருக்கலாம். அது இரண்டு மடல் முன்னதாகப் போய்விட்டது. அறிவுரை ஏற்கப்படும் வரிசையை ஆராய்ந்த போ ஃபெங் 2009இல் கண்டதும் இதை ஒட்டியதே: முதலில் பரிவு, பிறகு சிக்கலைப் பற்றிய விசாரிப்பு, அதன் பிறகு யோசனை என்று வந்தபோது அறிவுரை மேலானதாக மதிக்கப்பட்டது.

'உனக்கு இப்போது ஆறுதல் வேண்டுமா, யோசனை வேண்டுமா?' என்று நேராகவே கேட்டுவிடலாமே என்று பலர் சொல்வார்கள். கேட்கலாம், ஆனால் முதல் வரியாகக் கேட்காதீர்கள். இரண்டு பக்கம் எழுதி அனுப்பியவருக்கு அது படிவத்தில் கட்டத்தை நிரப்பச் சொல்வது போல இருக்கும். அதோடு, அந்த நேரத்தில் பலருக்கு எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. அவர் எழுதியதை ஒட்டி இரண்டு வரி எழுதிய பிறகு அதே கேள்வி வந்தால் உறுத்தாது.

எடுத்து வைத்த வெள்ளிக்கிழமையை இப்போது பார்ப்போம். கேட்பது என்ற கொள்கைக்காக அதைச் சொல்லாமல் விட்டுவிடுவது பெரும் பிழை. நாள் தவறினால் இழப்பு வரும் என்றாலோ, அவர் ஒரு விதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தாலோ, எந்த மனநிலையில் இருந்தாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். அறிவுரையாகச் சொல்லாமல் கையுதவியாகச் சொல்லலாம்: "அந்த விண்ணப்பத்தை வியாழக்கிழமை மாலை இருவரும் சேர்ந்து எழுதலாம், நான் இருப்பேன்." 'விண்ணப்பத்தை மறக்காமல் கொடு' என்றால் அவர் தலையில் இன்னொரு வேலை ஏறுகிறது. 'நான் இருப்பேன்' என்றால் ஒரு வேலை பாதியாகக் குறைகிறது. கேட்பதற்கும் வழி சொல்வதற்கும் இடையில் இப்படி மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பது நமக்கு ஏனோ எளிதில் தோன்றுவதில்லை. சொன்னால் செய்ய வேண்டும் என்பதாலோ என்னவோ.

இதுவரை நான் சொன்னது கேட்பதன் பக்கமே சாய்ந்திருந்தது. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் தோழி ஒரு முறை மட்டும் எழுதவில்லை, வாரந்தோறும் எழுதுகிறார். உணர்ச்சிகளைப் பிறரிடம் பகிர்ந்துகொள்வதை நீண்ட காலம் ஆராய்ந்த பெல்ஜிய உளவியலாளர் பெர்னார் ரிமே காட்டியது பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். கொட்டித் தீர்த்தால் நெஞ்சு இலேசானது போல இருக்கிறது, கேட்டவர் மீது நெருக்கமும் கூடுகிறது. ஆனால் அந்த நிகழ்ச்சியை மறுபடி நினைக்கும்போது எழும் வலி அதனால் மட்டும் குறைந்துவிடுவதில்லை. அமாண்டா ரோஸ் 2002இல் இளம் பருவத்தினரின் நட்புகளை ஆராய்ந்தபோது, ஒரே துன்பத்தை இருவரும் சேர்ந்து திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் நட்பின் நெருக்கத்தோடும், கூடவே மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகளோடும் சேர்ந்தே காணப்பட்டது. ஆகவே, 'நான் நன்றாகக் கேட்கிறேன்' என்ற நிறைவு நம்மை ஏமாற்றவும் கூடும்.

எந்தப் பக்கம் போகிறது என்று எழுத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். பழைய செய்திகளை மேலே தள்ளிப் படித்துப் பாருங்கள். எழுத்தில் நடக்கும் உரையாடலுக்கு உள்ள வசதி இது. ஒரே காட்சி அதே சொற்களில், அதே வரிசையில், மூன்றாவது நான்காவது முறையாக வருகிறதா? அல்லது ஒவ்வொரு முறையும் 'அதனால்தான்', 'இப்போதுதான் புரிகிறது', 'ஒருவேளை' என்பன போன்ற சொற்கள் புதிதாக முளைக்கின்றனவா? துயரத்தை எழுதிப் பார்ப்பதன் பயனை 1980களிலிருந்து ஆராய்ந்த ஜேம்ஸ் பென்னிபேக்கர், நாளுக்கு நாள் காரணத்தையும் புரிதலையும் குறிக்கும் சொற்கள் கூடிவந்தவர்களுக்கே அதிகப் பயன் இருந்ததாகக் கண்டார். முளைக்கின்றன என்றால் நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம், வேலை நடக்கிறது. இல்லையென்றால், கேட்கும் பாணியை விடாமலே கேள்வியை மட்டும் மாற்ற வேண்டும்: "போன மாதமும் அண்ணன் இதையே சொன்னான் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?" அல்லது, "இதில் ஒன்றே ஒன்று மாறலாம் என்றால் எது மாற வேண்டும் என்று நினைப்பாய்?" இதற்கு வரும் பதில் சில நேரம் நாம் கற்பனையே செய்யாத இடத்தில் இருக்கும். அம்மாவைக் குளிப்பாட்டுவதோ மேலாளரோ பெரிதாக இருக்காது. அண்ணன் ஒரு முறை 'நீ சாப்பிட்டாயா' என்று கேட்க வேண்டும் என்பதுதான் வரும்.

ஒரே ஒரு சூழலில் இந்த நிதானம் எல்லாம் கூடாது. மாதிரிச் செய்தியில் 'கொடுத்து என்ன ஆகப்போகிறது' என்று ஒரு வரி இருந்தது. அது விண்ணப்பத்தைப் பற்றியது. அதே வரி 'நான் இருந்து என்ன ஆகப்போகிறது' என்றோ, 'எல்லாம் ஒரேயடியாக முடிந்தால் நன்றாக இருக்கும்' என்றோ, 'இனி யாருக்கும் தொல்லை கொடுக்க மாட்டேன்' என்றோ இருந்தால், சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: "செத்துவிடலாம் என்று நினைக்கிறாயா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் மனதில் விதைக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆராய்ச்சியில் ஆதாரமில்லை. ஆம் என்றோ மழுப்பலாகவோ பதில் வந்தால், எழுத்தை நிறுத்திவிட்டு உடனே தொலைபேசியில் பேச வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் இருக்குமாறு செய்ய வேண்டும், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர மருத்துவ உதவியையோ நாட வேண்டும். பதிலே வராவிட்டாலும் காத்திருக்காமல் இதையேதான் செய்ய வேண்டும். அதைத் தனியாளாகச் சுமக்க முயல வேண்டாம்.

நேரம் பற்றியும் ஒரு சொல். நள்ளிரவில் வந்த செய்திக்கு நள்ளிரவிலேயே பதில் எழுத வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நம் பொறுமையும் பாதிதான் இருக்கும். தீர்வுகள் கொட்டுவதும் அப்போதுதான். "படித்துவிட்டேன். மாலையில் நிதானமாக எழுதுகிறேன்" என்று ஒரு வரி போதும், மாலையில் எழுதுவதாக இருந்தால்.

இனி உங்கள் தோழிக்கு. 'அவ்வளவுதானா?' என்று அவர் கேட்டதை நான் கோபமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்னும் எதிர்பார்க்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். அவருடைய செய்தியை மறுபடி திறந்து, அவர் உங்களைப் பெயர் சொல்லி அழைத்த வரியைத் தேடுங்கள். அது கிடைத்ததும் இப்படித் தொடங்கலாம்: "நேற்று அவசரத்தில் ஒரு வரி எழுதிவிட்டேன். இன்றைக்கு மறுபடியும் முழுதாகப் படித்தேன். நீ இந்த இடத்தில் எழுதியிருந்தது என் மனதை விட்டுப் போகவில்லை." அதன் கீழே அவருடைய அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதி, 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேட்டு அனுப்புங்கள்.